நாற்பது டிராலியின் விலை

சாமிதுரைக்குக் கண்ணில் மணலை அள்ளிக் கொட்டியதுபோல் எரிந்தது. முந்தின நாள் கறுப்புக் கண்ணாடி போடாமல் வெல்டிங் வைத்த வினை. ஜங்ஷன் ரோட்டு பிரவுசிங் சென்டரில், கண்மேல் ஈரத்துணியோடு உட்கார்ந்திருந்தார்.

பீங்கானைச் சூளைக்குள் ஏற்றித் தள்ளும் டிராலி நாற்பதுக்குச் சென்னை கம்பெனி விலை கேட்டிருந்தது. ஆர்டர் கிடைத்தால் மகள் கயல்விழியை நர்சிங்கில் சேர்க்கலாம். போன வருஷத்து மெயிலையே எடுத்து அங்கங்கே மாற்றி அடித்திருந்தார். அதற்குமேல் கண் திறக்கவில்லை.

சென்டரில் வேலை செய்யும் அன்புக்கரசி படித்துத் திருத்தினாள்.

"என்னாண்ணே இது, 'வீ ஆர் சப்ளை'ன்னு போட்டுருக்கீங்க? சிரிப்பானுங்க."

"சிரிச்சிட்டு ஆர்டரு குடுத்தா சரிம்மா."

"டெலிவரி நாலு வாரம். எதுலேர்ந்து நாலு வாரம்?"

"பாதிப் பணம் கைக்கு வந்த நாள்லேர்ந்து. லாரி வாடக அவுங்களுது, வரி தனின்னும் போடு."

போட்டாள். பிறகு கால்குலேட்டரைத் தட்டினாள். ஒன்று 5,800. நாற்பது. மெயிலில் மொத்தம் 2,72,000 என்று இருந்தது.

"மொத்தம் ஒத்து வரலண்ணே. சரி பண்ணிடவா?"

"பண்ணுமா. அதுக்குத்தானே வந்தேன்."

2,32,000 என்று மாற்றி அனுப்பினாள்.

மறுவாரம் ஆர்டர் உறுதி என்று போன் வந்தது. சாமிதுரை அன்றே மாணிக்கவேல் கடையில் கடனுக்கு ஆங்கிள் இரும்பு இறக்கி, அளவுக்கு வெட்டிப் போட்டார். அதன்பிறகுதான் முன்பண டிராஃப்ட் வந்தது. பாதி என்றால் 1,36,000 வரவேண்டும். 1,16,000 இருந்தது.

பட்டறைக்காரன் எடையில்தான் விலை போடுவான். நாற்பதும் சேர்ந்து நாலாயிரம் கிலோ, கிலோ அறுபத்தெட்டு. மொத்தம்தான் நிஜக் கணக்கு. ஒன்றின் விலையை அதிலிருந்து வகுத்து எழுதுவது. பழைய மெயிலில் சாமிதுரை மொத்தத்தை மட்டும் மாற்றியிருந்தார். ஒன்றின் விலை போன வருஷத்துக் கிலோ ஐம்பத்தெட்டிலேயே கிடந்தது.

கம்பெனிக்குப் போன் செய்தார்.

"நீங்க அனுப்புன ரேட்டுதாங்க அது. முடியலன்னா அட்வான்ஸைத் திருப்பி அனுப்பிடுங்க."

வெட்டிய இரும்பை எந்தக் கடைக்காரன் திருப்பி எடுப்பான்?

விஷயம் கேள்விப்பட்டு அன்புக்கரசி பட்டறைக்கு வந்து நின்றாள். "எது சரின்னு ஒரு வார்த்த கேட்டிருக்கணும்ண்ணே."

"நானும் எதம்மா மாத்துறன்னு கேக்கல," என்றார். "வுடு. அங்க நிக்காத, பொறி தெறிக்கும்."

நாற்பதும் சொன்ன தேதிக்கு லாரி ஏறின. மீதிப் பணமும் ஒழுங்காக வந்தது. கயல்விழி அந்த வருஷம் சேரவில்லை. கடைவீதி ஜவுளிக் கடைக்கு வேலைக்குப் போகிறாள்.

மாணிக்கவேலுக்கு இரும்புப் பாக்கி இன்னும் இருபத்தாறாயிரம் ரூபாய் தர வேண்டும்.