அறுபது வாட் சூடு

மார்கழி பிறந்த வாரத்தில், ஏழரை மாதத்திலேயே செபாஸ்தியம்மாளுக்குப் பெண் குழந்தை பிறந்துவிட்டது. பார்க்க வந்த நர்ஸம்மா குழந்தையைப் பஞ்சில் சுற்றி சோப்பு வந்த மரப்பெட்டி ஒன்றுக்குள் வைத்து, மேலே நூறு வாட் பல்பைத் தொங்கவிடச் சொன்னார். "சூடு குறையக் கூடாது. கை கால் சில்லுன்னு போச்சுன்னா பிள்ளை தங்காது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பேகம்பூரில் ஒரே காம்பவுண்டுக்குள் ஐந்து குடித்தனங்கள். எல்லாவற்றுக்கும் மீட்டர் ஒன்றுதான். அது வீட்டுக்காரி காதர் பீவியின் வாசலில் இருந்தது. வீட்டுக்கு ஒரு நாற்பது வாட் பல்பு, மாலை ஆறிலிருந்து பத்து வரை. அதற்கு மாதம் ஒன்றரை ரூபாய். புருஷனை இழந்த பீவிக்கு இந்த வாடகைதான் சோறு. போன வருஷம் கரண்ட் பில் கட்ட முடியாமல் போக, மின்வாரிய ஆட்கள் ஃபியூஸைப் பிடுங்கிக்கொண்டு போனதில் ஐந்து வீடும் இருட்டில் கிடந்தன.

மூன்றாம் நாள் பீவி செபாஸ்தியம்மாள் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"சவரியப்பா, மீட்டர்ல தட்டு நிக்கவே மாட்டேங்குது. பகல்லயும் சுத்துது. பில்ல யாரு கட்டுறது?"

செபாஸ்தியம்மாளின் புருஷன் சவரியப்பன் வெங்காய மண்டியில் மூட்டை தூக்குகிறவன். பல்பு வாங்கிய கடைக்காரர் சொல்லிக்கொடுத்த கணக்கு அவனுக்கு நினைவிருந்தது. நூறு வாட் பல்பு பத்து மணி நேரம் எரிந்தால் ஒரு யூனிட். யூனிட் இருபத்தைந்து பைசா. இரவும் பகலும் எரிந்தால் ஒரு நாளைக்கு ரெண்டு யூனிட்டும் இன்னொன்றில் பாதிக்குக் கொஞ்சம் குறைவும். முப்பது நாளைக்கு எழுபத்திரண்டு யூனிட், பதினெட்டு ரூபாய். அவன் மாதம் முழுக்க மூட்டை தூக்கினாலே கையில் வருவது நாற்பத்தைந்து.

"ஆறு ரூவா வரைக்கும் நான் தாங்கிக்கிறேன். வாடகையோட மெதுவா குடு. அதுக்கு மேல என்னால ஏலாதுப்பா" என்றாள் பீவி. அவள் குரலில் கோபம் இல்லை.

அன்றே இருபத்தைந்து வாட் பல்பு மாட்டினான். இரவும் பகலும் எரித்தாலும் நாலரை ரூபாய்தான். ஆனால் சாயங்காலத்துக்குள் குழந்தையின் பாதங்கள் நீலம் பாய்ந்துவிட்டன. துணியைத் திரியாக்கி வாயில் வைத்த பாலையும் அது உறிஞ்சவில்லை. செபாஸ்தியம்மாள் ரவிக்கையை அவிழ்த்துக் குழந்தையைத் தன் மார்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள்.

"செத்துப் போயிருமாங்க?"

அவன் ஓடிப்போய் அறுபது வாட் பல்பை வாங்கி வந்தான். பெட்டியின் இடுக்குகளில் சாக்கைத் திணித்து, மேலே பாதிக்குப் பலகை போட்டான். உள்ளே கை வைத்தால் இதமாக இருந்தது. சற்று நேரத்தில் பாதம் சிவந்தது.

"ஆறு ரூவாய்க்கு இருபத்துநாலு யூனிட்டு. இந்தப் பல்பு ஒரு நாளைக்குப் பதிமூணு மணி நேரந்தான் எரியலாம், புள்ள."

"மிச்ச நேரம்?"

"நீயும் நானுந்தான்."

ராத்திரி முழுக்க பல்பு. விடிந்தபின் அவள் மார்பு. அவள் சோறு ஆக்கும்போதும் கண்ணயரும்போதும் அவன் மார்பு. இதனால் அவன் மண்டிக்கு உச்சி வெயிலில்தான் போக முடிந்தது. லாரிகள் காலையிலேயே வந்துவிடும். பாதிக் கூலிதான் கிடைத்தது. ஒரு வாரம் பார்த்துவிட்டு முதலாளி, "இனிமே வராத, வேற ஆளப் போட்டாச்சு" என்றார்.

அதைச் சொல்ல அவன் வீடு வந்தபோது வானம் மூடியிருந்தது. செபாஸ்தியம்மாளுக்குக் குளிர்ஜுரம், உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது. குழந்தையின் கை சில்லிட்டிருந்தது. அவன் யோசிக்காமல் பகலிலேயே சுவிட்சைப் போட்டான்.

கொஞ்ச நேரத்தில் காதர் பீவி வந்தாள். பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு முகம், வாயைத் திறந்து திறந்து மூடியது.

"இன்னைக்கு ஒரு நாளு மட்டும்" என்றான் சவரியப்பன்.

"நாளைக்கு மட்டும் வெயிலடிக்குமா?" அவள் தரையில் உட்கார்ந்தாள். "எங்க வீட்டு ரேடியோ எம்புட்டு தின்னுது?"

"பின்னால அம்பது வாட்டுன்னு போட்டிருக்கு."

"மூணு மணி நேரம் பாடும். அத நிறுத்துனா?"

அவன் விரல் விட்டு எண்ணினான். "ரெண்டரை மணி நேரம் இந்தப் பல்பு எரியும்க்கா."

அவள் மகன் கொழும்பிலிருந்து அனுப்பிய ரேடியோ அது. மகன் கடிதம் போட்டே வருஷமாகியிருந்தது. அவள் எழுந்து போனாள். அன்று சாயங்காலம் ரேடியோ பாடவில்லை. மறுநாளிலிருந்து காலையில் அவளே வந்து, முந்தானைக்குள் குழந்தையை வாங்கிக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிடுவாள்.

தை முடியும்போது குழந்தை தானாகப் பால் குடித்தது. நர்ஸம்மா தூக்கிப் பார்த்துவிட்டு, பெட்டி வேண்டாம் என்றார். சவரியப்பன் பல்பைக் கழற்றினான். வேலை இன்னும் கிடைக்கவில்லை. பீவிக்குக் கொடுக்க வேண்டியதும் அப்படியே இருந்தது. சித்தையன்கோட்டையில் நெல் அறுப்புக்கு ஆள் தேடுவதாகக் கேள்விப்பட்டு, மறுநாள் விடியும் முன்பே நடக்கத் தொடங்கினான்.