சாப்பிட்டாச்சா என்று கேட்ட நம்பர்

என் வீட்டுக்காரர் இறந்து நான்கு மாதம் கழித்து, அவருடைய நம்பரிலிருந்து வாடிக்கையாளர்களுக்கு ‘சாப்பிட்டாச்சா அக்கா?’ என்று பதில் போக ஆரம்பித்தது. ஏற்பாடு என் கொழுந்தனுடையது. எங்களுடையது தையல் மிஷின் உதிரிபாகக் கடை. ‘தங்கள் செய்தி பெறப்பட்டது’ என்ற பழைய தானியங்கிப் பதில் போஸ்ட் ஆபீஸ் முத்திரை மாதிரி இருக்கிறதாம். கடையில் ஆள் பேசுவது போல இருக்க வேண்டும் என்று, இதயப் பொம்மையும் சேர்த்துப் புதிதாக எழுதி வைத்தான்.

இரண்டே வாரத்தில் ஆர்டர் பாதியாகக் குறைந்தது. செய்தியைப் படித்ததற்கான நீல டிக் விழும், பதில் வராது. எதிர்க்கடைக்காரன் எதையாவது கிளப்பிவிட்டானோ என்று நான் அவனையே முறைத்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம்தான் தையல்கார அக்கா வந்தார். இருபது வருட வாடிக்கை. உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார்.

“அந்த போன் யார் கையில இருக்கு?”

“இங்கதான்க்கா. ஏன்?”

“போனவரோட நம்பர், அவரோட போட்டோ, சாப்பிட்டாச்சான்னு கேக்குது. எவனோ போனைத் திருடிட்டான்னு எங்க குரூப்ல போட்டுட்டேன். நூத்திப்பத்து தையக்காரங்க இருக்காங்க.”



“அது தானா போற பதில்க்கா,” என்றான் கொழுந்தன். “சும்மா அன்பா இருக்கட்டுமேன்னு...”

“அன்பா? இதப் பாரு.” அங்கேயே நின்று தன் போனில் தட்டினார்: ஓவர்லாக் மிஷினுக்கு பாபின் வேணும். உடனே பதில் வந்தது: ‘கண்டிப்பா அக்கா! உங்களுக்காகவே எடுத்து வெச்சிருக்கோம்!’

துணி ஓரம் அடிக்கும் ஓவர்லாக்குக்கு, கீழ்நூல் சுற்றும் பாபினே கிடையாது. ‘வேணும்’ என்று யார் எழுதினாலும் அந்த வரிதான் போகும்.

“கடையில நிக்கிற எவனாச்சும் இப்படிச் சொல்வானா? உங்க அண்ணன் சொல்வாரா?”

 நான் கொழுந்தனிடமிருந்து போனை வாங்கி, என் வீட்டுக்காரர் அனுப்பிய பழைய செய்திகளைத் தேடிப் பார்த்தேன். நலம் விசாரிப்பே இல்லை. ‘எந்த மிஷின்? பழைய பார்ட்டைப் போட்டோ எடுத்து அனுப்புங்க. பார்த்துட்டுச் சொல்றேன்.’ ஆயிரம் பேருக்கு அதையேதான் எழுதியிருந்தார். அவர்கள் திரும்பத் திரும்ப வந்ததும் அதற்காகத்தான்.

‘சாப்பிட்டாச்சா’ பதிலை அழித்துவிட்டு எழுதினேன்: ‘வணக்கம். இது தானா வர்ற பதில். எந்த மிஷின், எந்த பார்ட்னு எழுதி, பழசோட போட்டோ அனுப்புங்க. இருக்கா இல்லையான்னு பத்து மணிக்கு மேல நானே பார்த்துச் சொல்றேன்.’ ‘வேணும்’ பதிலை மொத்தமாக நீக்கினேன்.

“ரொம்ப வறட்டா இருக்கு அண்ணி.”

“இருக்கட்டும்.”

அக்கா படித்துப் பார்த்தார். முகம் இளகவில்லை. “நானேன்னா யாரு? போட்டோல அவர்தானே இருக்காரு?”

அந்தப் படத்தை நீக்க எனக்குக் கை வரவில்லை. அக்கா வாசலை விட்டு நகரவில்லை.

“சரிக்கா. மாத்திடறேன்.”

“அப்ப போய் கவுன்ட்டர்ல நில்லுங்க. சிரிக்கல்லாம் வேணாம்.”

அக்கா எடுத்துக்கொடுத்த என் படத்தை அங்கேயே மாற்றி வைத்தேன். அதன் பிறகே கடைக்குள் கால் வைத்து, குரூப்பில் எழுதினார்: ‘போன் திருடு போகல. அவர் வீட்டம்மாதான் பாக்கறாங்க. நேர்ல பார்த்துட்டேன்.’