ஆறாவது கேள்வியின் விடை

கல்லூரியில் நெட்வொர்க் பாடம் நடத்தும் அவளுக்குக் கேள்வித்தாள் எழுதுவது பிடித்த வேலை. மனப்பாடம் செய்து ஒப்பிக்கும் கேள்வி அவளுக்கு ஆகாது. அறிகுறிகளை மட்டும் சொல்லிவிட்டு, என்ன கோளாறு என்று மாணவர்களையே யோசிக்க வைப்பாள். ஐந்து கேள்விகள் சட்டென்று அமைந்துவிட்டன. ஆறாவதற்கு, பன்னிரண்டு வருடங்களுக்கு முன்பு ஒரு மருத்துவமனையில் நெட்வொர்க் பொறுப்பில் இருந்தபோது எழுதி வைத்த குறிப்பேட்டைத் தேடி எடுத்தாள்.

அதில் இருந்ததை அப்படியே கேள்வியாக்கினாள். எக்ஸ்ரே அறைக்குப் போகும் இணைப்பு உயிரோடுதான் இருக்கிறது, விளக்கு எரிகிறது. சின்னச் சோதனைத் தகவல் அனுப்பினால் உடனே பதில் வருகிறது. ஆனால் பெரிய படத்தை அனுப்பினால் ஆமை வேகம். அறையிலுள்ள ஸ்விட்ச்சில், அதாவது கணினிகளை இணைக்கும் பெட்டியில், பாதி அனுப்பிய பிறகு தகவல்கள் முட்டிக்கொள்ளும் தாமத மோதல்கள் ஏறிக்கொண்டே போகின்றன. பிரதான ஸ்விட்ச்சில் சிதைந்த தகவல்களின் எண்ணிக்கை ஏறுகிறது. முந்தைய வாரம் கேபிள் புதிதாக இழுக்கப்பட்டது. அதே வாரம் பிரதான ஸ்விட்ச்சில் அந்தக் கேபிளைச் சொருகும் முனை, கையால், நூறு வேகம், முழு இருவழி (இரு பக்கமும் ஒரே நேரத்தில் பேசலாம்) என்று அமைக்கப்பட்டது. விடை: கேபிள் முனை சரியாகப் பொருத்தப்படவில்லை.

கேள்விகளைச் சரிபார்ப்பவர் எதிர் மேசைக்காரர். மறுநாள் காலை தாளைக் கொண்டு வந்து அவள் முன் வைத்தார்.

"ஆறாவது கேள்வி அருமை மேடம். விடைதான் இடிக்குது."

"எங்க சார்?"

"ஒரு பக்கம் கையால முழு இருவழின்னு வச்சாச்சு. மறுபக்கம், எக்ஸ்ரே அறையில, வழக்கம்போல தானியங்கியில இருக்கு. அது எதிர்ப்பக்கத்தோட பேசிப் பாக்கும், பதில் வராது. வேகத்தை மட்டும் கண்டுபிடிச்சுட்டு, ஒரு நேரத்துல ஒருத்தர்தான் பேசணும்னு இருந்துடும். இந்தப் பக்கம் நெனச்ச நேரத்துல பேசும். அதான் அங்க தாமத மோதல், இங்க சிதைவு. மோசமான கேபிளா இருந்தா சிதைவு வரும், சரி. இந்த ரெண்டும் ஜோடியா வராதே."

"கேபிளை மாத்தினதும் சரியாயிடுச்சே சார்."

"மாத்தின கேபிளை அதே முனையிலயா சொருகினாங்க?"

பக்கத்துக் காலி முனையில் சொருகியது அவள்தான். அந்த முனை தானியங்கியில் இருந்தது, அதனால்தான் கோளாறு நின்றது. பழைய முனையைக் கையால் அமைத்ததும் அவள்தான்.

மருத்துவமனையில் அந்த முதல் கேபிளை இழுத்தவரை எல்லோரும் கிளிப் அண்ணன் என்பார்கள். சட்டைப் பையில் எப்போதும் கேபிள் கிளிப்புகள் கிடக்கும். "சோதனைக் கருவி போட்டு ரெண்டு தடவை பாத்துட்டேம்மா, கேபிள் நல்லாத்தான் இருக்கு" என்று அன்று அவர் சொன்னார். கருவி பழசு என்று சொல்லி அவள் அவர் வாயை அடைத்துவிட்டாள். அறிக்கையில் அவர் வேலையைக் குறை சொல்லிக் கையெழுத்தும் போட்டாள். அடுத்த மாதத்திலிருந்து மருத்துவமனை அவரைக் கூப்பிடவில்லை.

கேள்வியைத் திருத்த ஐந்து நிமிடம் போதுமாயிருந்தது. மனசு ஆறவில்லை. பழைய ஆட்களிடம் விசாரித்துச் சனிக்கிழமை அவர் கடையைக் கண்டுபிடித்தாள். சாவி நகலெடுக்கும் சின்னக் கடை. அவருக்குத் தலை நரைத்திருந்தது. அவளைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டார்.

"வாங்கம்மா. என்ன, சாவி தொலைஞ்சுடுச்சா?"

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். இடையில் ஒருவர் வந்தார். அண்ணன் அவருக்குச் சாவி அறுத்துக் கொடுத்து அனுப்பினார். பிறகு இவள் பக்கம் திரும்பினார்.

"அப்போ கேபிள்ல ஒண்ணும் இல்ல."

"இல்லண்ணா. நான் பண்ண தப்பு."

"நீங்க படிச்சவங்க, நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நெனச்சேன். அந்தக் கேபிளை வீட்டுக்கு எடுத்துட்டுப் போய், ரெண்டு முனையையும் வெட்டி வெட்டிப் பாத்தேன். எங்க தப்புன்னு தெரியல. கண்ணு மங்கிப்போச்சு, கை போயிடுச்சுன்னு முடிவு பண்ணிட்டேன். அதுக்கப்புறம் கேபிள் வேலையே எடுக்கல."

"மருத்துவமனைக்கு உண்மையை எழுதித் தரேண்ணா."

"எழுதுங்க. அங்க இப்ப யார் இருக்காங்களோ." தன் விரல்களைப் பார்த்தார். "ஒரு வருஷம் கழிச்சு வந்து சொல்லியிருந்தாக்கூட நான் அந்த வேலையிலயே இருந்திருப்பேன்மா."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பாள். கணக்குப் பார்த்துச் சொல்வதுபோலச் சொன்னார்.

அன்றே கடிதம் எழுதி அனுப்பினாள். மூன்று வாரம் கழித்து, அந்தக் காலத்துக் கோப்புகள் தங்களிடம் இல்லை என்று இரண்டு வரியில் பதில் வந்தது. அதை எடுத்துக்கொண்டு மறுபடியும் கடைக்குப் போனாள். அவர் கண்ணாடியை மாட்டி நிதானமாகப் படித்துப் பார்த்து, திருப்பிக் கொடுத்தார்.

"சரிம்மா, வெயில் ஏறுது. கெளம்புங்க" என்றார்.