பேஸ்ட் பண்ணினால் பழசு வருகிறது

சித்ராதேவி என்னிடம் மூன்று முறை சொன்னாள். மூன்று முறையும் விரட்டிவிட்டேன். நாற்பது கம்ப்யூட்டரையும் பார்த்துக்கொள்ள நான் ஒருவன். ஆளுக்கொரு புகாரோடு வந்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

2006-இல் எங்கள் பனியன் கம்பெனியின் சர்வர் திருப்பூர் ஆபீசில் இருந்தது. ஃபேக்டரி ஊருக்கு வெளியே நெருப்பெரிச்சலில். சித்ராதேவி அங்கே உட்கார்ந்து, ரிமோட் டெஸ்க்டாப்பில் சர்வருக்குள் நுழைந்து, சாயப்பட்டறைக்குப் போகும் ஆர்டர்களை ஏற்றுவாள். சரக்கு வாங்கும் பையர் அனுப்பும் மெயில் அவளது கம்ப்யூட்டரில் இருக்கும். அதிலிருந்து நிறத்தின் குறியீட்டை, கலர் கோடை, காப்பி செய்து சர்வரில் பேஸ்ட் பண்ண வேண்டும். கோடு பதினோரு எழுத்து. கையால் அடித்தால் தப்பு வரும், பேஸ்ட்தான் பண்ண வேண்டும் என்று உத்தரவு போட்டவனும் நான்தான்.

"அண்ணே, புதுசா காப்பி பண்ணிட்டுப் போனாலும் சில நேரம் பழசே வந்து விழுகுதுண்ணே. ஃபைலும் போக மாட்டேங்குது" என்பாள்.

"நல்லா அமுக்கிப் பழகு கண்ணு" என்பேன். புகார் நோட்டில் 'உபயோகிப்பவர் தவறு' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

அவள் சொன்னது நிஜம். அது எனக்குத் தெரியும். இந்தக் கம்ப்யூட்டரில் காப்பி செய்ததை அந்தக் கம்ப்யூட்டருக்குக் கொண்டுபோக, சர்வரில் rdpclip என்று ஒரு சின்ன புரோகிராம் ஓடும். ஒவ்வொருவர் லாகினுக்கும் தனித்தனியாக ஓடும். அது சிக்கிக்கொண்டால் புதியது போய்ச் சேராது; கடைசியாக அங்கே போய்ச் சேர்ந்ததே திரும்பத் திரும்ப விழும். நிறுத்தி மறுபடி ஓடவிட்டால் சரியாகிவிடும். அரை நிமிட வேலை. சொல்லிக் கொடுத்திருக்கலாம். சோம்பல், அவ்வளவுதான்.

ஒரு திங்கட்கிழமை அவள் மெரூன் கோடை ஒரு ஆர்டரில் ஏற்றினாள். அடுத்த ஆர்டருக்கு நீலத்தின் கோடை காப்பி செய்து பேஸ்ட் பண்ணினாள். விழுந்தது மெரூன். இரண்டும் ஒரே மாதிரி எழுத்தும் எண்ணும்தான், அவள் கவனிக்கவில்லை. அதுதான் அன்றைய கடைசி ஆர்டர். மறுநாளே நான்கு டன் துணி மெரூனாக வந்து இறங்கியது. கறுப்பைத் தவிர அதன் மேல் வேறு எந்தச் சாயத்தையும் ஏற்ற முடியாது.

முதலாளி சிவசுப்பிரமணியம் நெருப்பெரிச்சலுக்குக் கிளம்பினார். கோபம் வந்தால் அவர் பேச்சில் மரியாதை கூடும். சித்ராதேவியும், அங்கேயே செக்கிங்கில் வேலை செய்த அவள் அம்மா ஒச்சாயியும் தேனிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். கம்பெனி கொடுத்த அறையில் குடியிருந்தார்கள். வேலை போனால் அறையும் போகும்.

நான் பைக்கில் அவருக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டேன். சித்ராதேவி மானேஜர் அறையில் நின்று வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தாள். அவள் சீட்டில் உட்கார்ந்தேன். ஒரு சொல்லை காப்பி செய்து சர்வரில் பேஸ்ட் பண்ணிப் பார்த்தேன். மெரூன் கோடுதான் விழுந்தது.

அப்படியே விட்டிருந்தால் அவள் தப்பித்திருப்பாள். புகார் நோட்டில் என் கையெழுத்து மாட்டியிருக்கும். கண்ட்ரோல், ஆல்ட், எண்ட் அழுத்தி, டாஸ்க் மேனேஜரைத் திறந்து rdpclip-ஐ நிறுத்தினேன். மறுபடி ஓடவிட்டேன்.

முதலாளி வந்தார். சித்ராதேவி நடந்ததைச் சொன்னாள். "நீங்களே பாருங்க சார், பழசுதான் வரும்."

முதலாளி நோட்பேடில் 'முருகா' என்று ஆங்கில எழுத்தில் அடித்தார். காப்பி செய்தார். சர்வரில் பேஸ்ட் பண்ணினார். முருகா வந்தது.

"இன்னொருக்கா சார்" என்றாள். இன்னொரு தரமும் வந்தது. அவள் கம்ப்யூட்டரின் ஸ்பீக்கரில், திருப்பூரில் இருக்கும் சர்வரின் மணிச் சத்தம் டிங் என்று கேட்டது.

முதலாளி என் பக்கம் திரும்பினார். "ஏனுங்க வேல்குமார், அங்கத்த சத்தமே இங்க கேக்குதுங்க. எழுத்து மட்டும் எப்படிங்க வராமப் போகும்?"

சத்தம் வரும் வழி வேறு, காப்பி வரும் வழி வேறு. ஒன்று செத்தாலும் மற்றது ஓடும். "லைன் நல்லாத்தானுங்க இருக்குது" என்றேன். அது பொய்கூட இல்லை.

"பொய் சொல்றவங்க நமக்கு வேண்டாங்க. அம்மாளையும் கூட்டிக்கிட்டு நாளைக்குள்ள ரூமைக் காலி பண்ணிருங்க கண்ணு" என்றார் முதலாளி. தண்ணீர் குடித்துவிட்டுக் காரில் ஏறினார்.

ஒச்சாயி எல்லோர் முன்னாலும் மகளை அறைந்தாள். "வேலையும் தெரியல, பொய் வேறயா?"

சித்ராதேவி அழவில்லை. தன் சீட்டுக்குப் போய், நின்றபடியே நாலைந்து முறை காப்பி செய்து பேஸ்ட் பண்ணிப் பார்த்தாள். ஒவ்வொரு முறையும் புதியதே வந்தது. தன் விரல்களையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, போகிற வழியில் என் அருகே நின்றாள்.

"எங் கைதான் தப்புப் போலண்ணே. நல்லா அமுக்கச் சொல்லி நீங்க மூணு தடவை சொன்னீங்க. உங்க சர்வர் மேல பழியைப் போட்டுட்டேன். மனசுல வச்சுக்கிடாதீங்க."

"பரவால்ல கண்ணு" என்றேன்.