திங்கட்கிழமை நகல்

இன்றைக்கும் ஒரு பிழையும் அகப்படவில்லை. எழுத்துப் பிழைகூட இல்லை. ஒரு படமாவது கோணலாக நிற்கக்கூடாதா? யாழ்ப்பாணத்துக்கு அனுப்பும் கூலியையாவது கொழும்புக் கூலி என்று போட்டிருக்கக்கூடாதா? இந்தப் பெட்டைக்கு இருபத்துநாலு வயது. எனக்கு ஏன் இவ்வளவு நேரம் அவளுக்காகச் செலவாகிறது?

சுபோதினி கைபேசியைக் கைப்பைக்குள் வைத்தாள். கொட்டாஞ்சேனையிலிருந்து கோட்டைக்கு ஒரு பஸ், அங்கிருந்து வெள்ளவத்தைக்கு இன்னொன்று. பத்து நாட்களாக இரண்டு பஸ்ஸிலும் அவள் செய்வது இதுதான். புதிதாக வேலைக்கு வந்த தாரிகா மாற்றிக்கொண்டிருந்த ஸ்டேஜிங் தளத்தை, அதாவது கடைத் தளத்தின் ஒத்திகை நகலைத் திறந்து, கடைக்கு வரும் ஆளைப்போல் கேக் தெரிவுசெய்து, முகவரி எழுதி, சோதித்துப் பார்க்கவென்று வங்கி தந்த போலி அட்டை எண்ணால் காசு கட்டிப் பார்த்துவிட்டு, அந்த ஓடரை அழித்துவிடுவாள். எல்லாம் சரியாகவே நடக்கும். சரியாக நடக்கும் ஒவ்வொரு முறையும் இன்னொரு கேக்கைத் தெரிவுசெய்து முதலிலிருந்து தொடங்குவாள்.

தில்லைநாதனின் கடை வெள்ளவத்தையில் ஒரு மாடிக் கட்டடத்தின் இரண்டாம் தளத்தில் இருந்தது. லண்டனிலும் டொரொண்டோவிலும் இருப்பவர்கள் கடையின் இணையத்தளத்தில் ஓடர் செய்வார்கள். சுன்னாகத்திலோ கல்கிசையிலோ இருக்கும் அவர்களுடைய அம்மாவின் வாசலுக்குக் கேக்கும் பூவும் சேலையும் போகும். அந்தத் தளத்தை ஆறு வருடமாகப் பார்த்துவந்தவள் சுபோதினி. அதன் சிவப்புப் பொத்தான்கள் அவள் தெரிவுசெய்தவை. புதிதாக எதைச் செய்வதானாலும் தளத்தை அப்படியே ஒரு நகல் எடுத்து, கடவுச்சொல் போட்ட வேறு முகவரியில் வைத்து, அங்கிருந்து வாடிக்கையாளர் எவருக்கும் மின்னஞ்சல் போகாதபடி நிறுத்தி, மாற்றங்களை அதில் செய்து பார்த்த பிறகே ஆட்கள் பார்க்கும் உண்மைத் தளமான லைவ் தளத்தில் கைவைக்க வேண்டும் என்ற ஒழுங்கைக் கடைக்குள் கொண்டுவந்தவளும் அவள்தான்.

தளத்துக்குப் புதுமுகம் வேண்டும் என்று தில்லைநாதனின் தமையன் டொரொண்டோவிலிருந்து சொன்னார். கடையில் பாதிக் காசு அவருடையது. போன மாதம் தாரிகா வந்தாள், மூன்று மாதச் சோதனைக் காலத்தில்.

வந்த முதல் கிழமையே அவள் கேட்டாள். "அக்கா, ஆக்கள் முதல்ல திகதியைத்தானே யோசிப்பினம்? அம்மான்ர பிறந்தநாள் எப்ப எண்டுதானே தொடங்குவினம்? நாங்கள் ஏன் அதைக் கடைசியில கேக்கிறம்?"

ஆறு வருடமாகத் திகதி குழம்பி லண்டனிலிருந்து அழைப்புகள் வந்திருந்தன. ஒவ்வொன்றுக்கும் சுபோதினி பொறுமையாகப் பதில் சொல்லியிருந்தாள். அந்தப் பொறுமையைத் தன் திறமை என்று நினைத்திருந்தாள். தாரிகா திகதியை முதல் பக்கத்துக்குக் கொண்டுவந்தாள். அவ்வளவுதான். புது வடிவத்தைக் கண்ட தில்லைநாதன், "இப்பதான் பிள்ளை கடை கடை மாதிரிக் கிடக்கு" என்றார். அதைச் சுபோதினியிடமே சொன்னார். சொல்லிவிட்டு அவள் சிரிப்பாள் என்று காத்தும் நின்றார்.

அவள் சிரித்தாள்.

திங்கட்கிழமை தாரிகா வந்து, கடைசித் திருத்தங்களுக்காக லைவ் தளத்திலிருந்து புதிதாக ஒரு நகல் எடுத்துத் தரச் சொன்னாள். சுபோதினி எடுத்துக் கொடுத்தாள். தாரிகாவின் வேலைகளைச் செவ்வாய் முடியும்வரை இருந்து அதில் ஏற்றியும் கொடுத்தாள். வழக்கமாக நகல் எடுத்தவுடன் சுவரிலுள்ள வெள்ளைப் பலகையில் மூன்று விடயங்களை எழுதுவாள்: எடுத்த நாள், எடுத்த நேரம், கடைசி ஓடரின் எண். அந்த எண்ணுக்குப் பிறகு வருவது எதுவும் நகலில் இருக்காது என்பதை எவரும் மறக்கக்கூடாது என்பதற்காக.

அந்தத் திங்கட்கிழமையும் மார்க்கர் பேனாவை எடுத்தாள். மூடியைத் திறந்தாள். தில்லைநாதனின் அறைக்குள் தாரிகா எதற்கோ சிரிப்பது கேட்டது. பேனாவை மூடி வைத்துவிட்டாள். மறதி என்று பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று அப்போதே தெரிந்திருந்தது.

புதுத் தளத்தை வெளியிட தில்லைநாதன் நாள் பார்த்திருந்தார். வியாழக்கிழமை காலை பத்து நாற்பதிலிருந்து பதினொன்று இருபதுவரை. சித்திரை வருடப் பிறப்புக்கு இரண்டு கிழமை இருந்தது. வெளிநாட்டு ஓடர்கள் இரவெல்லாம் வந்துகொண்டிருந்தன.

பொதிகளைக் கட்டி அனுப்பும் ஸாலிஹ் கதவோரம் நின்று எட்டிப் பார்த்தார். "அண்ணே, கம்ப்யூட்டருக்கும் நாள் பாக்கிறதா?"

"உம்மட டெலிவரி வானுக்கு எலுமிச்சம்பழம் வைச்சது ஆர்?" என்றார் தில்லைநாதன்.

"அது போன மாசம் சுவர்ல மோதினதுக்கு."

"அதுதான். இது மோத முந்தி."

மேசையில் ஒரு தட்டில் வெற்றிலையும் கற்கண்டும் இருந்தன. தாரிகா மடிக்கணினியின் முன் உட்கார்ந்தாள். ஸ்டேஜிங்கை லைவ் தளத்துக்கு அனுப்பும் பக்கம் திரையில் திறந்தது. கோப்புகள் மட்டுமா, தரவுத்தளம் மட்டுமா, இரண்டுமா என்று அது கேட்டது. தாரிகா இரண்டையும் தெரிவுசெய்து, அனுப்பும் பொத்தானில் அம்பைக் கொண்டுபோய் நிறுத்தினாள்.

சுபோதினி அதைப் பார்த்தாள். இதைத்தான் அவள் செய்வாள் என்று திங்கட்கிழமையே தெரியும். முந்திய வேலையில் தாரிகா செய்ததெல்லாம் டியூஷன் நிலையங்களுக்கும் கல்யாண மண்டபங்களுக்கும் சும்மா பார்ப்பதற்கான தளங்கள். அவற்றில் ஓடர்கள் இல்லை. நகலை அப்படியே தூக்கி மேலே வைக்கலாம். அவள் கட்டிய புதுப் பக்கங்களும் பட்டியல்களும் தரவுத்தளத்தில்தான் இருந்தன. ஆகவே அதையும் அனுப்பத்தான் நினைப்பாள். ஆனால் லைவ் தளத்தின் தரவுத்தளத்தில்தான் திங்களிலிருந்து வந்த ஓடர்கள் எல்லாம் இருந்தன. திங்கட்கிழமை நகல் அதன்மேல் போய் விழுந்தால், அவை வந்ததற்கான தடமே இருக்காது.

காலையில் எண்ணிப் பார்த்திருந்தாள். அறுபத்தொன்று. சனிக்கிழமை சுன்னாகத்துக்குப் போகவேண்டிய எழுபதாவது பிறந்தநாள் கேக் ஒன்று அதில் இருந்தது.

அமத்து, என்று மனதுக்குள் சொன்னாள். நீ அமத்து. நான் பேசமாட்டேன்.

பத்து நாற்பத்தொன்று. தாரிகா பொத்தானை அமத்தாமல் விரலை எடுத்தாள். கதிரையைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தாள்.

"அங்கிள், இதை அக்கா அமத்தட்டும். ஆறு வருஷம் பாத்தது அவ. நான் நேத்து வந்தனான்."

"அதுவும் சரிதான்," என்றார் தில்லைநாதன். "சுபோதினியின்ர கை ராசியான கை. வாரும் பிள்ளை."

அவள் வந்து உட்கார்ந்தாள். கதிரை இன்னும் சூடாக இருந்தது. தாரிகாவின் முகத்தில் நடிப்பு இல்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை. தட்டிப் பறித்ததைத் திருப்பித் தருவதுபோல் இல்லாமல், உன்னுடையதுதானே என்பதுபோல் தருகிறாள். இதையும் இவள் என்னைவிட நன்றாகச் செய்கிறாள்.

கை மவுஸுக்குப் போய் நின்றது. தாரிகா அமத்தியிருந்தால் கடைசி நொடியில் தான் வாயைத் திறந்திருப்பாளா? திறந்திருப்பாள் என்று நினைக்க ஆசையாக இருந்தது. ஆனால் அவளுக்குத் தெரியவில்லை.

"அமத்தினா அறுபத்தொரு ஓடர் போகும்," என்றாள்.

"என்ன?"

லைவ் தளத்தின் ஓடர் பக்கத்தை ஒரு பக்கத்தில் திறந்தாள், ஸ்டேஜிங்கினதை மறுபக்கத்தில். ஒன்றில் கடைசி எண் 8177. மற்றதில் 8116.

தாரிகா உடனே விளங்கிக்கொண்டாள். கை வாய்க்குப் போனது. "நான் தரவுத்தளத்தையும் சேத்து..." என்று தொடங்கி நிறுத்தினாள்.

தில்லைநாதனுக்கு விளங்கச் சற்று நேரம் எடுத்தது. "இப்ப இருக்கிறதைப் பக்கப் ஒண்டு எடுத்து வைச்சுப்போட்டு அமத்தினா என்ன? இன்னும் அரைமணித்தியாலம் கிடக்கு."

"பக்கப்பைத் திருப்பிப் போட்டா ஓடர் வரும், புதுத் தளம் போயிரும். ஒண்டு இருந்தா மற்றது இல்லை, அண்ணை. கோப்புகளை மட்டும் அனுப்பிப்போட்டு, மிச்சத்தை லைவ்வில கையால திரும்பச் செய்யவேணும். அதையும் முதல் புது நகல் ஒண்டில செய்து பாக்கவேணும். இரண்டு நாள் போகும்."

"அப்ப பார்த்த நல்ல நேரம்?"

ஸாலிஹ் தட்டிலிருந்து ஒரு கற்கண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு மெதுவாகத் திரும்பிப் போனார். தில்லைநாதன் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார்.

தாரிகா ஒரு கொப்பியை எடுத்தாள். குரல் அடங்கியிருந்தது. "திங்கக்கிழமை எத்தினை மணிக்கு எடுத்தனீங்கள், அக்கா?"

"மூண்டரைக்கு."

அதை எழுதினாள். பிறகு சுவரைப் பார்த்தாள். "மற்ற முறையெல்லாம் போர்ட்டில எழுதிவைப்பீங்கள். நான் அதைப் பாத்துத்தான்..."

"ஓம். இந்த முறை எழுதேல்ல."

தாரிகா அவளை ஒரு கணம் பார்த்தாள். சுபோதினி அந்தப் பார்வையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மறந்துபோனேன் என்று சொல்லியிருக்கலாம். அந்தச் சொல் தயாராகத்தான் இருந்தது. தாரிகா குனிந்து கொப்பியின் புதுப் பக்கமொன்றைத் திருப்பினாள்.

பதினொன்று இருபது கடந்த பிறகு தில்லைநாதன் சுபோதினியைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கோபம் தணிந்து, யோசனை தொடங்கியிருந்தது.

"அண்ணர் விடிய எழும்பினவுடன புதுச் சைட்டைத்தான் தேடுவார். நீர் அவருக்கு ஒரு மெயில் எழுதும். நடந்ததை எழுதும். தாரிகா விட்ட பிழை, நீர் பிடிச்சனீர் எண்டு தெளிவா எழுதும்."

அவர் குரலைத் தாழ்த்தினார்.

"அவ சோதனைக் காலத்தில இருக்கிறதால இப்பவே ஒரு முடிவெடுக்கலாம். டிசைன் எங்களிட்ட இருக்குத்தானே. மிச்சத்தை நீர் செய்வீர். உம்மை விட்டா இந்தக் கடைக்கு ஆர் இருக்கினம், சொல்லும் பாப்பம்?"

பத்து நாட்களாக, இல்லை, அதற்கும் முன்பிருந்தே, அவள் கேட்கக் காத்திருந்த வசனம் அது. காதுக்குள் போனது. இனிக்கவும் செய்தது, இல்லையென்று சொன்னால் பொய். கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் தாரிகா குனிந்து எழுதிக்கொண்டிருப்பது தெரிந்தது. கையால் திரும்பச் செய்யவேண்டிய ஒவ்வொன்றையும் பட்டியல் போடுகிறாள். அவளைப் பார்க்க இரக்கம் வரவில்லை. இப்போதும் அந்தப் பெண் ஏதோ தனக்குரியதை வைத்திருக்கிறாள் என்றுதான் பட்டது. அவளை அனுப்பிவிட்டால் தன்னிடம் மிஞ்சப்போவது அவள் செய்த தளம். ஒவ்வொரு நாளும் அதைத்தான் திறக்கவேண்டும், அந்தத் திகதிப் பக்கத்தை.

"இப்பவே எழுதிப்போட்டா நல்லம்," என்றார் தில்லைநாதன், தன் மடிக்கணினியை அவள் பக்கமாகத் திருப்பி. "உமக்கு இங்கிலிஷ் நல்லா வரும்."

அவள் திரையைப் பார்த்தாள். தமையனின் பெயர் ஏற்கெனவே போடப்பட்டிருந்தது. கீழே வெறுமையாக இருந்தது.

"இல்லை, அண்ணை," என்றாள். "தாரிகாவின்ர பிழை எண்டு நான் எழுதமாட்டன்."