தட்டைச் சாய்த்துப் பார்

படம் வந்தபோது குக்கரில் விசில் அடங்கவில்லை. தட்டு நிறையப் பிரியாணி, மேலே ஒரு அவித்த முட்டை, பக்கத்தில் ஒரு ஸ்பூன். கீழே என் மகள் எழுதியிருந்தாள்: "எவ்ளோ? சீக்கிரம் சொல்லுங்க. பசி."

அவளுக்குப் பதினான்கு வயது. வீட்டில் கூப்பிடும் பெயர் வாலு. எட்டு வயதில் சர்க்கரை வந்தது. பெரியவர்களுக்கு வருகிற மாத்திரைச் சர்க்கரை இல்லை, ஒவ்வொரு வேளையும் ஊசி போட்டுக்கொள்கிற சர்க்கரை. சாப்பாட்டில் பத்து கிராம் மாவுச்சத்துக்கு ஒரு யூனிட் இன்சுலின் என்பது அவளுக்கு டாக்டர் போட்டுத் தந்த கணக்கு. குறைத்துப் போட்டால் சர்க்கரை ஏறும். கூட்டிப் போட்டால் இறங்கி, ஆளையே கீழே தள்ளிவிடும். போன வருடம் பள்ளியில் அப்படி விழுந்தாள். அன்றிலிருந்து நான் அவளை எங்கேயும் தனியாக விட்டதில்லை.

அடுத்த வாரம் பேட்மிண்டன் குழுவோடு வெளியூர்ப் போட்டி, மூன்று நாள். போயே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். "முதல்ல ஒரு நாள் நாங்க இல்லாம வெளிய சாப்பிட்டு ஒழுங்கா வா. அப்புறம் பாக்கலாம்" என்றேன். ஏதோ தோசை, ரொட்டி என்று போவாள் என்று நினைத்தேன். மகாராணி பிரியாணிக் கடைக்குப் போயிருக்கிறாள்.

என் கணவர் போனை வாங்கி விரலால் படத்தைப் பெரிதாக்கினார். கட்டட வரைபடத்தைப் பார்த்தே இத்தனை மூட்டை சிமெண்டு என்று சொல்கிற வேலை அவருக்கு. அந்தத் தைரியம் சோற்றிலும் உண்டு.

"ஆப்ல ஒரு பிளேட் பிரியாணின்னு போட்டா நாலு விதமா வருது. மாவுச்சத்து நாப்பத்தஞ்சுங்கறான் ஒருத்தன், நூத்திப் பத்துங்கறான் இன்னொருத்தன்."

"அவனவன் அவனவன் தட்டைச் சொல்றான். நம்ம பொண்ணு தட்டை எவன் பாத்தான்?"

"அதனாலதான் நானே அளக்கப் போறேன்" என்று அதே அளவில் ஒரு தட்டை எடுத்தார். ஸ்பூனையும் பக்கத்தில் வைத்தார். தட்டைத் தராசில் ஏற்றி, வெந்த சோற்றைக் குவித்துக்கொண்டே போனார். படத்தில் இருப்பதுபோல் மேடு வந்ததும் நிறுத்தினார். நானூறு கிராம். "பிரியாணி சோத்துல நூறுக்கு இருபத்தஞ்சு மாவுச்சத்துன்னு வெச்சா, நூறு. பத்து யூனிட்."

"அடியில எத்தனை கறித்துண்டு ஒளிஞ்சிருக்கோ? அதையும் சோறுன்னு எண்ணிட்டீங்க."

"ஒரு துண்டு, ரெண்டு துண்டு. அது பெரிய விஷயமா?"

"எண்ணெய்?"

"எண்ணெயில ஏது மாவு?"

இதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும் இடம். எண்ணெயில் மாவு இல்லை, சரி. ஆனால் எண்ணெய் அதிகமான சாப்பாடு வயிற்றிலிருந்து மெதுவாகத்தான் இறங்கும். சோற்றின் சர்க்கரை தாமதமாக ரத்தத்துக்கு வரும். இன்சுலினோ சொன்ன நேரத்துக்கு வேலைக்கு வந்துவிடும். சர்க்கரை வருமுன் ஊசி வேலையை முடித்தால் முதலில் தாழ்ந்து, பின்னால் எகிறும். அதற்காகத்தான் எண்ணெய்ச் சாப்பாட்டுக்கு டோஸைப் பிரித்துப் போடச் சொல்லியிருக்கிறார் டாக்டர், பாதிக்கு மேல் முதலில், மீதி பின்னால். ஆனால் இந்தத் தட்டில் எவ்வளவு எண்ணெய் என்று யாருக்குத் தெரியும்? ஒருமுறை வேறொரு கடைப் பார்சலை வெந்நீரில் அலசி, ஆறவிட்டு, மேலே மிதந்ததை வழித்து எடை பார்த்தேன். அலசியதில் வந்ததே நாற்பது கிராம். ஒரே கடையிலும் அண்டாவின் மேல்பகுதி ஒரு மாதிரி, அடிப்பகுதி வேறு மாதிரி. மேலிருந்து எடுத்த படத்தில் எண்ணெய் தெரியாது. அது சோற்றுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

இதை நான் சொல்லி முடிப்பதற்குள் அவர் "பத்து" என்று அனுப்பிவிட்டார். அவள் படித்ததற்கு நீல டிக்கும் விழுந்துவிட்டது. கூப்பிட்டேன். எடுக்கவில்லை. இன்னொரு முறை கூப்பிட்டேன்.

"கடையில சத்தமா இருக்கும்" என்றார்.

"உங்க வாய்க்கு ஒரு பூட்டு வாங்கணும்" என்று சொல்லிவிட்டு, சர்க்கரை இறங்கினால் கொடுக்க ஒரு ஜூஸ் பாக்கெட்டைக் கையில் எடுத்துக்கொண்டு செருப்பை மாட்டினேன்.

கடை இரண்டு தெரு தள்ளி. உள்ளே போனால் தோழிகள் முன்னால் மானம் போச்சு என்று ஒரு வாரம் பேசமாட்டாள். அதனால் எதிரே பஸ் ஸ்டாப்பில் நின்றேன். கண்ணாடி வழியாக நன்றாகத் தெரிந்தது. ஐந்து பெண்கள். என் பெண் சுவர்ப் பக்கம். ஊசி போட்டாகிவிட்டது போல, சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவள் தட்டு மட்டும் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. அடியில் என்னவோ முட்டுக் கொடுத்திருந்தாள். விளையாட்டுப் புத்தி என்று நினைத்துக்கொண்டேன்.

அவள் கையில் ஒட்டியிருக்கும் சென்சார் காட்டும் சர்க்கரை எங்கள் இருவர் போனிலும் வரும். நூற்றிப் பதினைந்து. கீழ்நோக்கி அம்பு வரப்போகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். நூற்றிருபது. நூற்றிருபத்தெட்டு. அம்பு படுத்தே கிடந்தது. ஒரு டிரைவர் பஸ்ஸை நிறுத்தி "ஏறலையாம்மா?" என்றார். தலையாட்டினேன். அடுத்த பஸ்ஸும் போயிற்று. வெயில் மண்டையைப் பிளந்தது.

கணவர் கூப்பிட்டார். "பாத்தியா? கோடு நேரா போகுது. என் பத்து கரெக்ட்."

"கொஞ்ச நேரம் சும்மா இருங்க."

சாப்பிட்டு முடித்தும் அந்தக் கூட்டம் எழுந்திருக்கவில்லை. அரட்டை ஓயவில்லை. சர்க்கரை நூற்றைம்பதைத் தாண்டி மெல்ல ஏறியது. அப்போது என் பெண் பையிலிருந்து ஊசிப் பேனாவை எடுத்தாள். பேச்சை நிறுத்தாமலே சட்டையைக் கொஞ்சம் விலக்கி வயிற்றில் குத்திக்கொண்டாள்.

ஏற்கெனவே பத்து உள்ளே இருக்கிறது. அதற்கு மேல் இன்னொன்றா? மானமாவது மண்ணாவது என்று ரோட்டில் கால் வைத்தேன். கையில் போன் அதிர்ந்தது.

"அம்மா, பதறாத. பத்து போடல. துண்டை எல்லாம் ஒதுக்கிப் பாத்தேன், அடியில ரெண்டு பெரிய துண்டு. சோறு என் கை முஷ்டிக்கு ரெண்டுதான் இருந்துச்சு. என் முஷ்டிக்கு நூத்தறுபது கிராம் சோறுன்னு நீதான் தராசுல காட்டின. ரெண்டு முஷ்டிக்கு எண்பது கிராம் மாவு, எட்டு யூனிட். தட்டைச் சாய்ச்சு வெச்சேன், ஒரு பக்கம் குளம் மாதிரி எண்ணெய். அதனால முதல்ல அஞ்சு, இப்ப மூணு. அப்பா கிட்ட சொல்லாத, பாவம், வருத்தப்படுவார்."

அடுத்த நொடி இன்னொன்று வந்தது.

"பஸ் ஸ்டாப்ல நிக்காத. வெயில். வீட்டுக்குப் போ."

நிமிர்ந்து பார்த்தேன். அவள் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. தோழி ஏதோ சொன்னதற்கு வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

எனக்குப் பெருமையாக இருந்தது. வயிற்றெரிச்சலாகவும் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆறு வருடமாக அவள் வாயில் போன ஒவ்வொரு கவளத்தையும் நான் எண்ணியிருக்கிறேன். இன்றைக்கு எங்களிடம் கேட்டாள், ஆனால் எங்கள் பதில் அவளுக்குத் தேவைப்படவில்லை.

"மூணு நாளைக்குத் துணி எடுத்து வெச்சுக்கோ. பேனா ஒண்ணு கூடுதலா வெச்சுக்கோ" என்று அனுப்பினேன். பிறகு ஸ்ட்ராவைக் குத்தி, அவளுக்காகக் கொண்டுவந்த ஜூஸை அங்கேயே நின்று நானே குடித்தேன்.