பரிசோதனைக்கு முந்தைய மூன்று நாள்

டயாலிசிஸ் நாற்காலியில் கையை நீட்டியபடி பஸ் டிரைவர் நர்ஸின் முகத்தையே பார்த்தார். அவள் கையில் மாத ரத்தப் பரிசோதனைத் தாள்.

“பொட்டாசியம் நாலே முக்கால், பாஸ்பேட் அஞ்சு. ரெண்டும் அஞ்சரைக்குள்ளதான்.”

அருகிலிருந்த மனைவியிடம் அவர் மீசையை முறுக்கிக் காட்டினார்.

“ஆனா பி.டி.எச். ஹார்மோன் ஆயிரத்து நூறு. அறுநூறைத் தாண்டக் கூடாது. போன தடவையே எண்ணூறு.”

அவர் தாளை எட்டிப் பார்த்தார். “மெஷின் கோளாறா இருக்கும்மா.”

“ரெண்டு மூணு நாள் வாயைக் கட்டினா பாஸ்பேட் இறங்கிடும் அண்ணே. இந்த ஹார்மோன் பல மாசக் கதையைச் சொல்லும். பாஸ்பேட் ஏறியே கெடந்தா இது எகிறி எலும்பை அரிக்கும். பாஸ்பேட்டைக் குறைக்கிற மாத்திரையைச் சாப்பாட்டோட போடுறீங்கதானே?”

பரிசோதனைக்கு முந்தைய மூன்று நாள் மட்டும் மாத்திரையும் அரை வயிறும். மற்ற நாளில் மாத்திரை குப்பைக்கூடைக்குப் போகும். அவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

மனைவிக்குப் புரிந்துவிட்டது. “மாசாமாசம் மூணு நாள் பசிக்கலன்னது இதுக்குத்தானா? செக்கிங் நிக்கிற இடத்துல மட்டும் பிரேக் போடுறீங்களா?” குரல் உடைந்தது. “தினமும் நான் தேய்ச்சுவிடுற கால்வலி வயசாலன்னீங்களே?”

எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது. கையில் இரண்டு ஊசிகள் இருந்தன. இன்னும் மூன்று மணி நேரம் பாக்கி.